'ரீசெட்' அனுப்பியது யார்?

(மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன், வடக்கனந்தல்)



டி.சி.பி. என்று சொன்னதும் நம்மில் எல்லோரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பது 'த்ரீ வே ஹேண்ட்ஷேக்'. வைவாவில் எக்ஸ்டர்னல் வேறு எதையோ கேட்டாலும் சுற்றி வளைத்து அதற்கே வந்து சேர்வோம். சின், சின்-அக், அக். இணைப்பு ஆரம்பிக்கும் கதை அது. மரியாதையாக முடியும் கதையும் தெரியும்: இந்தப் பக்கம் ஒரு ஃபின், அந்தப் பக்கம் ஒரு ஃபின். ஆனால் நடுவில் பட்டென்று அறுந்து விழுகிறதே, அந்தக் கதை? பாடப்புத்தகத்தைப் புரட்டினால் "ஆர்.எஸ்.டி. பிட் இணைப்பை மீட்டமைக்கப் பயன்படும்" என்று ஒற்றை வரி. இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும். ஒரு நாள் உங்கள் ஸ்கிரீனில் `Connection reset by peer` என்று வந்து நின்றால் அது போதாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். ரீசெட் என்பது தனி வகைக் கடிதம் ஒன்றும் இல்லை. எல்லா டி.சி.பி. செக்மென்டிலும் இருக்கிற அதே தலைப்புதான், அதில் ஒரே ஒரு பிட் 1 ஆக இருக்கும். பெரும்பாலும் உள்ளே டேட்டா எதுவும் இருக்காது. ஐ.பி. தலைப்பு 20 பைட், டி.சி.பி. தலைப்பு 20 பைட், ஆக 40 பைட். இவ்வளவு சின்னப் பொட்டலம் வந்து சேர்ந்தால் எதிர்ப்பக்கம் என்ன செய்யும்? "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் போடாது. "ஏன்?" என்று கேட்காது. அந்த இடத்திலேயே இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிடம் "முடிஞ்சு போச்சுப்பா" என்று சொல்லிவிடும். ரீசெட்டுக்கு யாரும் ரீசெட் அனுப்புவதில்லை என்பது கண்டிப்பான விதி. அந்த விதி இல்லாவிட்டால் இரண்டு கம்ப்யூட்டரும் நம் ஹாஸ்டல் சண்டை மாதிரி விடிய விடிய மாறி மாறித் திட்டிக்கொண்டிருக்கும்!

எளிமையான சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். லேபில் பக்கத்து மெஷினில் எந்தப் புரோகிராமும் கேட்டுக்கொண்டிருக்காத ஒரு போர்ட்டுக்கு `nc -v` கொடுத்துப் பாருங்கள். என்டரைத் தட்டிய மறுகணமே `Connection refused` என்று வந்துவிடும். அதே நேரத்தில் இன்னொரு ஜன்னலில் `tcpdump -n -S` ஓடவிட்டிருந்தால் (ரூட் அனுமதி வேண்டும்) இப்படித் தெரியும்:

```
192.168.1.25.40110 > 192.168.1.10.5001: Flags [S], seq 2200145600
192.168.1.10.5001 > 192.168.1.25.40110: Flags [R.], seq 0, ack 2200145601
```

கொஞ்சம் சுருக்கித்தான் எழுதியிருக்கிறேன். `S` என்பது சின். `R` என்பது ரீசெட், அதற்குப் பக்கத்துப் புள்ளி அக் பிட். நம் மெஷின் 2200145600 என்ற எண்ணோடு கதவைத் தட்டியது. அந்தப் பக்கம் "இங்கே யாரும் இல்லை, ஆனால் நீ தட்டியது 2200145601-க்கு முந்தின எண் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அந்த அக் எண் வெறும் அலங்காரம் இல்லை. சின் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கம்ப்யூட்டர், வந்த ரீசெட்டில் தன் சின்னுக்கான சரியான அக் எண் இருந்தால்தான் அதை நம்பும். இல்லையென்றால் கண்டுகொள்ளாது.

இதோடு சேர்த்து ஒன்று. சில சமயம் `Connection refused` வராமல், ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றுவிட்டு `Connection timed out` என்று வரும். இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. இரண்டும் நேர் எதிர். முதலாவதில் மெஷின் உயிரோடு இருக்கிறது, பதில் சொன்னது, சர்வர் புரோகிராம் மட்டும் ஓடவில்லை. இரண்டாவதில் பதிலே வரவில்லை. மெஷின் அணைந்திருக்கலாம், அல்லது ஃபயர்வால் பொட்டலத்தை விழுங்கியிருக்கலாம். ரீசெட் வந்தால் சந்தோஷப்படுங்கள் என்பேன். குறைந்தபட்சம் யாரோ இருக்கிறார்கள்!

சரி, இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருவோம்.

வடக்கனந்தல் கல்வராயன் மலை அடிவாரம். கோமுகி அணை பக்கத்தில்தான். எங்கள் மாமா ஒருவர் கடை வைத்திருக்கிறார். முன்னால் பில் போட ஒரு லேப்டாப், உள்ரூமில் சரக்குக் கணக்கு வைத்திருக்கும் ஒரு பழைய டெஸ்க்டாப். இரண்டும் வைஃபை பெட்டி வழியாகப் பேசிக்கொள்ளும். பெட்டிக்குச் சின்ன பேட்டரி உண்டு, லேப்டாப்புக்குத் தன் பேட்டரி உண்டு. டெஸ்க்டாப்புக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் மலையில் இடி இடித்தால் கீழே எங்களுக்குக் கரண்ட் போய் வரும். இரண்டு நிமிடம் போகும், வரும். டெஸ்க்டாப்பும் தானாக எழுந்து, சர்வர் புரோகிராமும் தானாக ஓட ஆரம்பித்துவிடும். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கப்புறம் போடும் முதல் பில் மட்டும் நின்றுபோகும்.

"மாப்ளே, கரண்டு வந்துருச்சு, அதுவும் ஆன் ஆயிருச்சு, அப்புறமும் ஏண்டா மொத பில்லு மட்டும் ஓட மாட்டேங்குது?" என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் செமஸ்டர் பேப்பரில்கூட இவ்வளவு நல்ல கேள்வி வந்ததில்லை. அந்த முதல் பில்லைத்தான் பிடித்துப் பார்த்தேன்:

```
192.168.1.25.40112 > 192.168.1.10.5000: Flags [P.], seq 3051200741:3051200783, ack 918401200
192.168.1.10.5000 > 192.168.1.25.40112: Flags [R], seq 918401200
```

என்ன நடந்தது என்று பொறுமையாகப் பார்ப்போம். கரண்ட் போனபோது டெஸ்க்டாப் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செத்தது. ஃபின் அனுப்ப அதற்கு நேரம் இல்லை. லேப்டாப் அந்த நேரத்தில் எதையும் அனுப்பவில்லை, அதனால் அதற்குச் சங்கதியே தெரியாது. டி.சி.பி. இணைப்பு என்பது கம்பி இல்லை நண்பர்களே. இரண்டு மெஷினின் ஞாபகத்தில் இருக்கும் சில எண்கள், அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் அது வருஷக்கணக்கில்கூட அப்படியே இருக்கும். ஒரு பக்கம் எல்லாவற்றையும் மறந்து எழுந்துவிட்டது, மறுபக்கம் இன்னும் பழைய நினைப்பிலேயே இருக்கிறது. இதற்குத்தான் 'ஹாஃப் ஓப்பன்' இணைப்பு என்று பெயர். 1981-இல் வந்த ஆர்.எஃப்.சி. 793-இலேயே, ஒரு மெஷின் விழுந்து எழுந்தால் என்ன ஆகும் என்று இதே கதையைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள்.

இப்போது லேப்டாப் 42 பைட் பில்லை அனுப்புகிறது. டெஸ்க்டாப்பில் 5000 போர்ட்டில் புது சர்வர் புரோகிராம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது எதிர்பார்ப்பது புதிதாகக் கதவைத் தட்டும் சின். வந்ததோ பழைய பேச்சின் நடுப்பகுதி. "இந்த ஆளோடு நான் பேசிக்கொண்டிருந்ததாக ஞாபகமே இல்லையே" என்று ரீசெட் போடுகிறது.

அந்த ரீசெட்டின் எண்ணைப் பாருங்கள். 918401200. டெஸ்க்டாப்புக்கு எல்லாமே மறந்துவிட்டது என்றால் இந்த எண் அதற்கு எங்கிருந்து கிடைத்தது? மேல் வரியில் `ack`-க்குப் பக்கத்தில் இருப்பது அதே எண்! லேப்டாப் ஒவ்வொரு செக்மென்டிலும் "உன்னிடமிருந்து நான் அடுத்து எதிர்பார்ப்பது இந்த எண்" என்று எழுதி அனுப்புகிறது. டெஸ்க்டாப் அதை அப்படியே எடுத்துத் தன் ரீசெட்டின் சீக்வென்ஸ் நம்பராகப் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. லேப்டாப் எதிர்பார்த்த எண் துல்லியமாக வந்ததால், இது நிஜமான ரீசெட் என்று நம்பி இணைப்பை முடித்துக்கொள்கிறது. ஞாபகம் இல்லாதவன், ஞாபகம் உள்ளவனின் சீட்டைப் பார்த்தே அவன் நம்பும்படி பதில் எழுதுகிறான். இதை வடிவமைத்தவர்களின் மூளையை நினைத்து அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

மேலே முதல் சம்பவத்தில் ஏன் `seq 0` என்று வந்தது என்பதும் இப்போது விளங்கும். சின்னில் அக் எண் இருக்காது, காப்பியடிக்க ஒன்றும் இல்லை. அதனால் பூஜ்யம் போட்டு, சரிபார்க்கும் வேலையை அக் எண் பக்கம் தள்ளிவிட்டார்கள். விதி இரண்டே கிளை: வந்த செக்மென்டில் அக் இருந்தால் அதை எடுத்து சீக்வென்ஸாகப் போடு, இல்லையென்றால் பூஜ்யம் போட்டு, வந்த சீக்வென்ஸோடு நீளத்தைக் கூட்டி அக்காகப் போடு. சின்னுக்கு நீளம் 1 என்று கணக்கு.

கரண்ட் இல்லாத அந்த இரண்டு நிமிடத்துக்குள் மாமா பில் போட்டிருந்தால் கதை வேறு. பதில் வராததால் லேப்டாப் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். லினக்ஸில், உள்ளூர் நெட்வொர்க்கில், முதல் இடைவெளி சுமார் 0.2 வினாடி, பிறகு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு: 0.4, 0.8, 1.6 என்று போகும். கூட்டிப் பார்த்தால் 51-ஆவது வினாடியில் ஒரு முயற்சி, அடுத்தது 102-ஆவது வினாடியில். டெஸ்க்டாப் 60-ஆவது வினாடியில் எழுந்துவிட்டாலும் லேப்டாப்புக்கு ரீசெட் கிடைப்பது 102-இல்தான். "மெஷின் வந்துருச்சே, ஏன் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு?" என்று கேட்கும் அந்த முக்கால் நிமிடம் இதுதான்.

இதற்கு வைத்தியம் என்ன? கேபிளை மாற்றுவது இல்லை, அதை மாமா ஏற்கெனவே இரண்டு தடவை மாற்றிவிட்டார். சும்மா இருக்கும்போதும் "இருக்கியா?" என்று கேட்கும் 'கீப் அலைவ்' வசதி டி.சி.பி.யில் உண்டு. ஆனால் புரோகிராம் கேட்டால்தான் அது ஓடும், அப்படியும் லினக்ஸில் முதல் கேள்வி கேட்க வழக்கமான அளவு 7200 வினாடி, அதாவது இரண்டு மணி நேரம்! அதை 30 வினாடி என்று குறைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், ரீசெட் வந்தால் புரோகிராம் புது இணைப்பு போட்டு பில்லை மறுபடி அனுப்ப வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ரீசெட் வந்தது என்றால் "இணைப்பு இல்லை" என்று மட்டும்தான் அர்த்தம். கடைசியாக அனுப்பிய பில் அந்தப் பக்கம் கணக்கில் ஏறியதா இல்லையா என்று அது சொல்லாது. பில்லை ஹார்ட் டிஸ்கில் எழுதி முடித்து, பதில் சொல்வதற்குள் கரண்ட் போயிருந்தால்? மறுபடி அனுப்பினால் ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூட்டை வாங்கினதாகக் கணக்கு ஏறும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் லேப்டாப்பே தனி எண் கொடுத்து அனுப்ப, அதே எண் இரண்டாவது முறை வந்தால் டெஸ்க்டாப் ஒதுக்கிவிடும்படி செய்ய வேண்டும். டி.சி.பி. இதைச் செய்து தராது.

மறதியால் மட்டும்தான் ரீசெட் வரும் என்றும் இல்லை. நல்ல நினைவோடு இருக்கும் மெஷினும் அனுப்பும். எதிர்ப்பக்கம் அனுப்பிய டேட்டாவைப் படிக்காமலே உங்கள் புரோகிராம் `close()` பண்ணிவிட்டால், லினக்ஸ் ஃபின் அனுப்பாது, ரீசெட்தான் அனுப்பும். "நீ சொன்னதை நான் முழுசாகக் கேட்கவில்லை" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது. நியாயம்தானே? நம் புராஜெக்டுகளில் லோக்கலாக ஓடும்போது சரியாக இருந்து, பெரிய ஃபைல் அனுப்பும்போது மட்டும் `Connection reset by peer` வந்தால், அந்தப் பக்கத்துப் புரோகிராம் முழுசாகப் படித்துவிட்டுத்தான் மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். ரீசெட் வந்த பிறகும் விடாமல் எழுத முயன்றால் அடுத்து வருவது `Broken pipe`. அது புது வியாதி இல்லை, பழையதை கவனிக்காததன் இரண்டாம் கட்டம்.

இதுவரை சொன்னதெல்லாம் நிஜமான ஆள் அனுப்பிய ரீசெட். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன்.

ரீசெட்டில் கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது. முகவரி, போர்ட், எண் மூன்றும் பொருந்தினால் சரி. அப்படியானால் மூன்றாம் ஆள் ஒருவன் பொய்யாக ஒன்று எழுதிப் போட்டால்? பழைய விதிப்படி எண் துல்லியமாகப் பொருந்த வேண்டியதுகூட இல்லை. பெறுபவரின் விண்டோவுக்குள் எங்கே விழுந்தாலும் போதும். சீக்வென்ஸ் எண்கள் மொத்தம் சுமார் 429 கோடி. விண்டோ 65,535 என்றால், வகுத்துப் பாருங்கள், சுமார் 65,537 குருட்டு முயற்சியில் ஒன்று கட்டாயம் உள்ளே விழும். 429 கோடி எங்கே, அறுபத்தைந்தாயிரம் எங்கே! 2004-இல் பால் வாட்சன் என்பவர் இதைச் சுட்டிக்காட்டியபோது, நாள்கணக்கில் அறுபடாமல் இருக்க வேண்டிய பெரிய ரவுட்டர்களின் இணைப்புகளை நினைத்துப் பலர் பதறினார்கள். அதன் பிறகு 2010-இல் ஆர்.எஃப்.சி. 5961 வந்து விதியை இறுக்கியது. இப்போது எண் துல்லியமாகப் பொருந்தினால்தான் உடனே அறுக்கும். விண்டோவுக்குள் இருந்தும் பொருந்தவில்லை என்றால் 'சேலஞ்ச் அக்' என்று ஒரு சாதாரண அக்கை அனுப்பிச் சோதிக்கும். எதிர்ப்பக்கம் நிஜமாகவே மறந்து போயிருந்தால், அந்த அக்கில் இருக்கும் எண்ணைக் காப்பியடித்து இம்முறை சரியான ரீசெட்டை அனுப்பும். மாமா கடை டெஸ்க்டாப் செய்த அதே வேலை! பொய் ஆளுக்கு அந்த அக் போய்ச் சேராது, முகவரி அவனுடையது இல்லையே. 2022-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9293 பழைய 793-க்குப் பதிலாக அமர்ந்தபோது இந்தப் பாதுகாப்பையும் தன்னுள் எடுத்துக்கொண்டது.

குருட்டாக எண்ணை ஊகிப்பவனுக்கு இது பூட்டு. ஆனால் பாதையிலேயே உட்கார்ந்து பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு? அவன் ஊகிக்கவே வேண்டாம், எண் அவன் கண் முன்னாலேயே போகிறது. இதுதான் நம் நாட்டில் நடந்தது.

டெல்லி ஐ.ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் இந்திய இன்டர்நெட் கம்பெனிகள் தடை செய்யப்பட்ட தளங்களை எப்படி நிறுத்துகின்றன என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட இடைப்பெட்டிகளில் ஒரு வகை, பொட்டலத்தைத் தடுக்காமல் நகலை மட்டும் பார்ப்பது. தடைப் பட்டியலில் உள்ள பெயர் தென்பட்டால், அந்தத் தளமே பேசுவது போலப் பொய்யான பதிலை நமக்கு அனுப்பி இணைப்பை முடித்து வைக்கும். நிஜமான பதிலும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். யார் முந்துகிறார்கள் என்கிற ஓட்டப்பந்தயம். பெட்டி பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் அதுதான் ஜெயிக்கும். எப்போதாவது தோற்கும், அப்போது தளம் திறந்துவிடும். "ரிஃப்ரெஷ் பண்ணா சில நேரம் வருதுடா" என்று நண்பர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது பாருங்கள்.

அது சாதாரண எச்.டி.டி.பி. கதை. எச்.டி.டி.பி.எஸ். வந்த பிறகு உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, பொய்யான பக்கத்தைக் காட்டவும் முடியாது. ஆனால் முதல் செய்தியான 'கிளையன்ட் ஹலோ'வில் தளத்தின் பெயர் வழக்கமாகத் திறந்தபடியே போகிறது. எஸ்.என்.ஐ. என்று அதற்குப் பெயர். 2019 நவம்பரில் பெங்களூரில் உள்ள 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' அமைப்பைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ரிலையன்ஸ் ஜியோ இந்தப் பெயரைப் பார்த்துத் தளங்களைத் தடுப்பதாக எழுதினார்கள். எப்படித் தடுக்கிறது? அந்த ஹலோ போனதும் ஒரு ரீசெட். அவ்வளவுதான். நம் பிரௌசரில் `ERR_CONNECTION_RESET` என்று தெரியும். தளத்து சர்வர்தான் முகத்தில் அறைந்தது என்று நாம் நினைப்போம், பாவம் அதற்கு ஒன்றும் தெரியாது. தடை செய்ய அரசுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. அதன் சரி தப்பு வேறு விவாதம். என் ஆதங்கம் எல்லாம், தடுக்கப்பட்டது என்று சொல்லாமல் அடுத்தவர் பெயரில் கடிதம் போடுகிறார்களே என்பதுதான்.

பொய் ரீசெட்டை அடையாளம் காண முடியுமா? ஓரளவு முடியும். ஐ.பி. தலைப்பில் டி.டி.எல். என்ற எண் இருக்கிறது, `tcpdump -v` போட்டால் காட்டும். அனுப்பும் மெஷின் 64 என்று வைத்து அனுப்பினால், வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும். உதாரணமாக, சர்வரிடமிருந்து வந்த சின்-அக்கில் டி.டி.எல். 51, அடுத்து அதே முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் ரீசெட்டில் 59 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 13 ரவுட்டர் தாண்டி வந்திருக்கிறது, இரண்டாவது ஐந்தே ரவுட்டர். அரை நொடிக்குள் ஒரு சர்வர் எட்டு ரவுட்டர் தூரம் நகர்ந்து வருமா? நேரமும் காட்டிக்கொடுக்கும். சின் போய் சின்-அக் வர 180 மில்லி செகண்ட் ஆனது, ஹலோ போய் ரீசெட் வர 20 தான் ஆனது என்றால், அது கடல் தாண்டி வந்தது இல்லை. ரீசெட்டுக்குப் பிறகும் சர்வரிடமிருந்து சாதாரண டேட்டா வந்து விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

பெயரைப் பார்த்துத்தான் அறுக்கிறார்களா என்று தெரிய, முகவரியை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்:

```
openssl s_client -connect 203.0.113.10:443 -servername example.org
```

`-servername` பக்கத்தில் ஒரு பெயர் போட்டால் பதில் வருகிறது, இன்னொரு பெயர் போட்டால் ரீசெட் வருகிறது என்றால், முகவரியும் பாதையும் ஒன்றே, வித்தியாசம் பெயர் மட்டுமே. ஆனால் சில சர்வர்கள் தெரியாத பெயரைக் கண்டால் தாங்களே அறுப்பதும் உண்டு. அதனால் வேறொரு கம்பெனி இணைப்பிலிருந்தும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட வேண்டும். டி.டி.எல்.லையும் முழுசாக நம்பக் கூடாது. பெட்டி வைத்திருப்பவன் கணக்குத் தெரிந்தவனாக இருந்தால் அந்த எண்ணையும் பொருத்தமாக எழுதிவிடுவான்.

"வர்ற ரீசெட்டை எல்லாம் கண்டுக்காம விட்டா என்னடா?" என்று ரூம்மேட் கேட்டான். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மூவர் 2006-இல் சீனாவின் தடுப்புச் சுவரில் இதைத்தான் செய்து காட்டினார்கள். இரண்டு முனையும் ரீசெட்டை உதாசீனம் செய்தால், தடுக்கப்பட்ட சொல் போன பிறகும் பேச்சு தொடர்ந்தது. ஆனால் இரண்டு முனையும் செய்ய வேண்டும், ஏனென்றால் பெட்டி சர்வருக்கும் பொய் ரீசெட் அனுப்பியது. அதோடு, உண்மையான ரீசெட்டையும் சேர்த்துத் தொலைத்துவிட்டால் மாமா கடை லேப்டாப் செத்த இணைப்பிலேயே கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருக்கும். எச்.டி.டி.பி.எஸ். இதில் உதவாது. அது உள்ளே போகும் டேட்டாவைத்தான் பூட்டுகிறது, ரீசெட் பிட் அதற்குக் கீழே டி.சி.பி. தலைப்பில் திறந்தே கிடக்கிறது.

மறந்துபோன நிஜ ஆளையும், நினைவோடு நடிக்கும் பொய் ஆளையும் பிரித்துக் காட்ட ஒரு வழி 2021-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9000-இல், குயிக் என்ற புது நெறிமுறையில் இருக்கிறது. இணைப்பு நன்றாக இருக்கும்போதே, பூட்டிய செய்திக்குள் வைத்து, சர்வர் 16 பைட் ரகசியச் சீட்டு ஒன்றை நமக்குக் கொடுத்துவிடும். பிறகு கரண்ட் போய் எல்லாம் மறந்து எழுந்தாலும், ஹார்ட் டிஸ்கில் இருக்கும் நிரந்தரச் சாவியையும் நம் பொட்டலத்தில் உள்ள இணைப்பு அடையாளத்தையும் வைத்து அதே சீட்டை மறுபடி கணக்கிட்டு, ரீசெட்டின் கடைசி 16 பைட்டாக வைத்து அனுப்பும். நாம் ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தினால் மட்டும் அறுப்போம். வழியில் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சாவியும் தெரியாது, சீட்டும் தெரியாது. அவனால் செய்ய முடிந்தது, குயிக் பொட்டலங்களை மொத்தமாக விழுங்குவது. அப்படி விழுங்கினால் பிரௌசர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பழையபடி டி.சி.பி.க்கே திரும்பிவிடும். அங்கே அந்த ஒற்றை பிட் திறந்தபடியே காத்திருக்கும்.